ஸ்லாப் போடும் நாளில் ஆள் சுருண்டு விழுந்தான்: நான் எங்கே கோட்டைவிட்டேன்?

வேலூர் சைட்டுக்காரன் (திங்கள், இரவு 9.40)

வணக்கம். வேலூரில் வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். போன வாரம் நடந்ததை எழுதுகிறேன், தப்பு எங்கே என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆயிரம் சதுர அடி ஸ்லாப், ஐந்து அங்குலம். பீமோடு சேர்த்து 14 கன மீட்டர் கான்கிரீட், 112 மூட்டை சிமெண்ட். ஹாப்பர் வைத்த மிக்சர், ஒரு லிஃப்ட், 24 ஆட்கள். ஏழரைக்கு ஆரம்பித்தோம். மணிக்கு 16 மூட்டை ஓடினால் இரண்டரைக்கு முடியும் என்பது கணக்கு.

பதினொன்றரை வாக்கில் ஒரு பையன், 22 வயது, ஜல்லிச் சட்டியை ஹாப்பரில் கொட்டாமல் மணல் குவியலில் கொட்டினான். மேஸ்திரி திட்டினார். அவன் பதிலுக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான். ராத்திரி போட்டது இன்னும் இறங்கவில்லை போல என்று எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நிழலில் உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தோம். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது, அதனால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டோம். நாற்பது நிமிடம் கழித்து வலிப்பு வந்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். குடித்திருக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தண்ணீர் கேன் இருந்தது, நிழலுக்குப் பச்சை வலை கட்டியிருந்தோம். வரும் வியாழன் பக்கத்துத் தெருவில் இதே அளவில் இன்னொரு ஸ்லாப். கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை.

---

கொத்தனார் மாமா (திங்கள், இரவு 10.05)

தம்பி, வெயில் காலத்தில் ஸ்லாப் போட்டால் மேலே மயிரிழை விரிசல் விடும். ஜல்லியை முந்தின நாளே நனைத்து வை. சென்ட்ரிங் தகட்டில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போடு, ஆனால் தேங்கி நிற்கக் கூடாது. தேய்த்து முடித்த உடனே ஈரச் சாக்கு போர்த்து. நாற்பது டிகிரிக்கு மேல் போனால் கான்கிரீட் போடவே யோசிக்க வேண்டும். எங்கள் என்ஜினியர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார்.

---

வேலூர் சைட்டுக்காரன் (திங்கள், இரவு 10.12)

மாமா, நான் கேட்டது ஆளைப் பற்றி, ஸ்லாப்பைப் பற்றி இல்லை.

---

தோஹா ரிட்டர்ன் (திங்கள், இரவு 11.20)

கத்தாரில் ஒன்பது வருடம் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். மாமா கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டாலும் அவர் சொன்னதைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன் எத்தனை நாளாக உங்களிடம் வேலை பார்க்கிறான்?

---

வேலூர் சைட்டுக்காரன் (செவ்வாய், காலை 6.15)

ஒரு வருடமாக. புது ஆள் இல்லை. ஊர்த் திருவிழா என்று 12 நாள் லீவில் போய்விட்டு முந்தின நாள்தான் வந்தான்.

---

தோஹா ரிட்டர்ன் (செவ்வாய், காலை 7.30)

நினைத்தேன். நீங்கள் கோட்டைவிட்டது பதினொன்றரைக்கு இல்லை, காலை ஏழரைக்கே, அவன் கையில் சட்டியைக் கொடுத்தபோது.

வெயிலில் வேலை செய்யச் செய்ய உடம்பு பழகும். சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும், இதயம் அவ்வளவு வேகமாக அடிக்க வேண்டியிருக்காது. இதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். ஆனால் ஒரு வாரம் நிழலில் இருந்தாலே பழக்கம் இறங்க ஆரம்பித்துவிடும். 12 நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தவன் பாதி புது ஆள். அவனுக்கே அது தெரியாது என்பதுதான் வம்பு. பழைய வேகத்தில் இறங்கிவிடுவான். வேலையிடத்தில் வெப்பத்தால் சாகிறவர்களில் பெரும் பகுதி முதல் சில நாட்களிலேயே போகிறார்கள்.

நாங்கள் வைத்திருந்த கணக்கு இதுதான். லீவிலிருந்து வருகிறவனுக்கு முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள்தான் முழு வேலை. சுத்தமாகப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் 20 சதவீதம்தான், பிறகு தினமும் இருபது இருபதாக ஏற்ற வேண்டும். பாதி வேலை என்றால் பாதிச் சம்பளம் இல்லை. மீதி நேரத்துக்கு நிழலில் செய்யும் வேலையைக் கொடுங்கள்: மூட்டைக் கணக்கு, தண்ணீர் கொடுப்பது, வைப்ரேட்டர் வயரைத் தூக்கிப் பிடிப்பது. ஸ்லாப் அன்று சட்டி சுமப்பதுதான் இருப்பதிலேயே கனமான வேலை. அதில் அவனை விட்டிருக்கக் கூடாது.

---

அரக்கோணத்தான் (செவ்வாய், காலை 9.10)

இதெல்லாம் கம்பெனி வேலைக்குச் சரி. எங்களுக்கு ஸ்லாப் முழுக்கக் காண்ட்ராக்ட். 24 பேரில் ஒருவனைக் கணக்கு எழுத உட்காரவைத்தால் மற்ற 23 பேர் சும்மா விடுவார்களா?

அப்புறம் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று: வியர்க்கிற வரைக்கும் பயமில்லை. வியர்வை நின்று தோல் காய்ந்து கொதித்தால்தான் வெப்பத் தாக்கு. பையனுக்கு வியர்த்தது என்றால் அது வேறு ஏதோ, வலிப்பு நோயாகக்கூட இருக்கலாம்.

---

ஓய்வு பெற்ற நர்ஸ் (செவ்வாய், காலை 10.45)

அரக்கோணத்தான் தம்பி, நீங்கள் சொல்வது பாதி உண்மை. வீட்டுக்குள் ஃபேன் இல்லாமல் படுத்துக் கிடக்கிற வயதானவர்களுக்குத் தோல் காய்ந்துபோகும். மண்வெட்டி பிடித்து வேலை செய்கிற இளவட்டத்துக்கு அப்படி இல்லை. நனைந்த சட்டையோடு, வியர்வை சொட்டச் சொட்டத்தான் ஸ்ட்ரெச்சரில் வருவார்கள். உள்ளே சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் அக்னி நட்சத்திரத்தில் இப்படி வந்தவர்களைக் கூட்டி வந்த ஆட்கள் எல்லோருமே சொன்னது இதுதான்: "வியர்த்துதும்மா, அதனால விட்டுட்டோம்."

வியர்வையைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். சட்டியை மாற்றிக் கொட்டியதும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னதும்தான் அறிகுறி. மூளைக்குச் சூடு ஏறினால் ஆள் குடித்தவன் மாதிரியே இருப்பான். தள்ளாடுவான், எரிந்து விழுவான், நாக்கு குழறும், சிலர் காரணமில்லாமல் சிரிப்பார்கள். அதற்கு முன்னாலேயே தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு, "கண்ணைக் கட்டுது" என்று உட்காருவது எல்லாம் வந்துபோயிருக்கும். அந்தக் கட்டத்தில் நிழல், தண்ணீர், ஓய்வு போதும், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால். பேச்சு மாறிவிட்டால் அது அவசரம். குடித்திருக்கிறானா இல்லையா என்று விசாரிக்கிற நேரமில்லை. குடித்திருந்தாலும் வெயிலில் அவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வேலூர் தம்பி, அந்த நாற்பது நிமிடத்தில் நிழலும் சோடாவும் கொடுத்தீர்கள். ஆனால் உடம்பின் சூட்டை யாரும் இறக்கவில்லை.

---

வேலூர் சைட்டுக்காரன் (செவ்வாய், மதியம் 1.20)

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இதற்காகத்தான் கேட்டேன். சைட்டில் ஐஸ் பெட்டியெல்லாம் இல்லையே. எப்படி இறக்குவது?

---

ஓய்வு பெற்ற நர்ஸ் (செவ்வாய், மதியம் 2.05)

உங்களிடம் தார்ப்பாய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, 24 ஆள் இருக்கிறார்கள். ஒருவர் 108-க்கு போன் போடட்டும். மற்றவர்கள் ஹெல்மெட், ஷூ, சட்டையைக் கழற்றிவிட்டு ஆளைத் தார்ப்பாயில் படுக்கவையுங்கள். ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் தொட்டில் மாதிரி ஆகும். தலை மட்டும் மேலே இருக்க, அதில் தண்ணீரை ஊற்றி அளைந்துகொண்டே இருங்கள். பெட்டிக்கடையில் ஐஸ் கிடைத்தால் அதையும் போடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பிழைக்கிற வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் குளிரவைத்துவிட்டு அனுப்பு என்பார்கள், அனுப்பிவிட்டுக் குளிரவை என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மே மாதம் மொட்டை மாடியில் கிடக்கிற ஹோஸைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். கறுப்பு டேங்க் தண்ணீரும் அப்படித்தான். நேராக போரிலிருந்து பிடியுங்கள்.

குழப்பத்தில் இருக்கிறவன் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போகும். பாராசிட்டமாலும் வேண்டாம். அது காய்ச்சலுக்கு, இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

---

உப்பளத்து மருமகள் (செவ்வாய், மாலை 6.30)

தூத்துக்குடிப் பக்கம். ஸ்லாப் வேலை எனக்குத் தெரியாது, உப்பளத்தில் ஆறு வருடம் உப்பு வாரியிருக்கிறேன்.

தண்ணீர் கேன் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் குடித்தார்களா என்று பார்த்தீர்களா? நாங்கள் குடிக்க மாட்டோம். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். காலையில் வீட்டில் ஒரு சொம்பு, மதியம் சோற்றோடு ஒரு சொம்பு, அவ்வளவுதான். நீர்க்கடுப்பு வருவதும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதும் எங்களுக்குச் சாதாரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களில் சிலருக்கு இப்போது கிட்னி கெட்டுவிட்டது. உங்கள் சைட்டில் சித்தாள் பெண்கள் எத்தனை பேர், கக்கூஸ் இருக்கிறதா?

---

வேலூர் சைட்டுக்காரன் (செவ்வாய், இரவு 8.50)

ஒன்பது பேர் அக்கா. கக்கூஸ் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன், நேரில் விசாரித்ததில்லை.

---

தோஹா ரிட்டர்ன் (செவ்வாய், இரவு 10.00)

அந்த அக்கா கேட்டது நான் சொல்ல மறந்த விஷயம். எங்கள் கேம்பில் பெண்கள் கிடையாது, அதனால் யோசிக்கவே இல்லை.

தண்ணீர்க் கணக்கு இதோ. கனமான வேலையில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத்துக்கு ஒரு ஆளுக்கு ஐந்தே கால் லிட்டர், 24 பேருக்கு 126 லிட்டர். 20 லிட்டர் கேன் ஏழு. நீங்கள் எத்தனை வாங்கினீர்கள்?

தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விட்டால் யாரும் குடிக்க மாட்டார்கள். கேன் கீழே கேட்டருகில் இருக்கும், ஆள் மேலே இருப்பான், மிக்சர் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தண்ணீர்தான் ஆளிடம் போக வேண்டும். ஒருவர் வாளியும் டம்ளருமாகச் சுற்றி வரட்டும். அதற்காக ஒரேயடியாகக் குடிக்கவைப்பதும் தப்பு. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும்.

---

அரக்கோணத்தான் (செவ்வாய், இரவு 10.25)

உப்பு மாத்திரை கொடுத்தால் என்ன? எங்கள் பழைய மேஸ்திரி கொடுப்பார்.

---

ஓய்வு பெற்ற நர்ஸ் (புதன், காலை 6.00)

வேண்டாம், வயிற்றைப் புரட்டும். காலையில் உப்புப் போட்ட நீராகாரமோ கஞ்சியோ குடித்துவிட்டு வந்தாலே பெரும்பாலும் போதும். நடுவில் ஒரு முறை உப்பு மோர் கொடுங்கள். தொடர்ந்து வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் டீ மட்டும் குடித்துவிட்டு வருகிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற ஆள் இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குச் சீக்கிரம் வற்றிவிடும்.

---

தோஹா ரிட்டர்ன் (புதன், காலை 7.15)

இப்போது மாமா விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்காக நேரத்தை மாற்று என்றால் வீட்டுக்காரர் கேட்க மாட்டார். ஸ்லாப் விரிசல் விடும் என்றால் உடனே கேட்பார்! ஆளுக்கும் கான்கிரீட்டுக்கும் எதிரி ஒரே வெயில். ஏழு மணி நேர வேலை என்றால் விடியற்காலை நாலுக்கு ஆரம்பியுங்கள், பதினொன்றுக்கு முடிந்துவிடும். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்திலிருந்து மூன்றரை வரை வெட்டவெளி வேலைக்குச் சட்டப்படியே தடை. நாங்கள் முழுக்க இரவில்தான் கான்கிரீட் போட்டோம்.

இன்னொன்று: தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். வேலூரில் 41 டிகிரி அடித்தாலும் காற்று காய்ந்திருந்தால் வியர்வை உலரும். சென்னையில் 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் வியர்வை வழியுமே தவிர உலராது. உடம்புக்கு அந்த 36தான் மோசம். தெர்மாமீட்டர் குமிழில் ஈரத் துணி சுற்றி விசிறிப் பாருங்கள், முதல் ஊரில் 25 பக்கம் நிற்கும், இரண்டாவதில் 30 பக்கம்.

---

கொத்தனார் மாமா (புதன், காலை 8.00)

பார்த்தாயா தம்பி, நான் சொன்னது வீண் போகவில்லை.

ஆனால் நாலு மணி என்கிறது நடக்கிற காரியமா? வீட்டுக்காரர் நல்ல நேரம் பார்த்துத்தான் முதல் சட்டி போடுவார். நான் கேட்டால் மாலை நாலு மணிக்கு ஆரம்பி, பதினொன்றுக்கு முடி என்பேன். ராத்திரி முழுக்க ஸ்லாப் குளிர்ச்சியாகவே இறுகும்.

---

உப்பளத்து மருமகள் (புதன், காலை 8.40)

நாலு மணிக்கு ஆரம்பிக்க இரண்டரைக்கு எழுந்து, சோறு வடித்து, பஸ் இல்லாத நேரத்தில் அந்த ஒன்பது பெண்களும் எப்படி வருவார்கள்? ராத்திரி பதினொன்றுக்கு எப்படித் திரும்புவார்கள்? அதையும் எழுதுங்கள்.

---

தோஹா ரிட்டர்ன் (புதன், காலை 9.05)

மாலை நாலு மணிக்குச் சென்ட்ரிங் தகடு அடுப்பில் வைத்த தோசைக்கல். பகல் முழுக்க வேறு வேலை பார்த்துக் களைத்த ஆள் அதன் மேல் நின்று ஆரம்பிக்கிறான். நான் விடியற்காலைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தூக்கம் கெடும் என்பதையும் மறைக்க மாட்டேன். தூங்காத உடம்பு சூட்டைத் தாங்காது. அதனால் முந்தின நாள் மதியத்தோடு வேலையை முடித்து அனுப்பிவிடுங்கள். நல்ல நேரத்துக்குப் பிரம்ம முகூர்த்தம் என்று சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

---

அரக்கோணத்தான் (புதன், காலை 11.30)

ரெடிமிக்ஸ் வாங்கினால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. 14 கன மீட்டருக்கு மூன்று வண்டி, பம்ப் போட்டால் பத்துப் பேர் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். காசு கூடுதல்தான், சட்டி தூக்கும் வேலையே கிடையாது.

---

உப்பளத்து மருமகள் (புதன், மதியம் 12.10)

மீதி 14 பேருக்கு அன்று கூலியும் கிடையாது.

---

வேலூர் சைட்டுக்காரன் (வெள்ளி, இரவு 9.15)

நேற்று முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ரெடிமிக்ஸ் வண்டி அந்தச் சந்துக்குள் நுழையாது, அதனால் மிக்சர்தான். விரிசல் கதையைச் சொன்னதும் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார், பிரம்ம முகூர்த்தம் அவர் மனைவிக்குப் பிடித்துப்போய்விட்டது. பெண்களைக் கூட்டி வர இரண்டு ஷேர் ஆட்டோ பேசினேன், காசு என் கையிலிருந்து. நாலே கால் மணிக்கு ஆரம்பித்தோம். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், மிக்சர் சத்தத்துக்கு அவர் கோபப்பட்டது நியாயம்தான். லைட் ஒன்று போய் இருபது நிமிடம் வேலை நின்றது. முடிய பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது.

கேன் எட்டு வாங்கினேன், ஆறரை காலியானது. போன முறை மூன்றுதான் வாங்கியிருந்தேன், அதிலும் ஒன்று மிச்சம். பச்சை வலையும் தகரமும் வைத்து மறைப்புக் கட்டி, பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கில் அவர்கள் சம்மதத்தோடு ஒரு பீங்கான் வைத்து இணைத்தேன். வாளியோடு சுற்றி வந்த அம்மா சொன்னதிலிருந்து, பெண்கள் இந்த முறை ஆண்கள் அளவுக்குக் குடித்திருக்கிறார்கள்.

லீவிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவரை மூட்டைக் கணக்குக்குப் போட்டேன். இன்னொருவர் கேட்கவே இல்லை, சட்டிதான் தூக்குவேன் என்று நின்றார். மணிக்கு அரை மணி நேரம் என்று பேசி ஒப்புக்கொள்ளவைத்தோம், ஒன்பது மணிக்கு மேல் அதையும் மீறினார்.

பத்தரைக்கு ஒரு பீகார் பையன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். ஜோடி ஜோடியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்ததால் அவன் கூட்டாளி கூப்பிட்டான். இந்தியில் பேர், ஊர், இன்று என்ன கிழமை என்று கேட்கச் சொன்னேன். எல்லாம் சரியாகச் சொன்னான், தலைவலியும் குமட்டலும் மட்டும். நிழலில் படுக்கவைத்து, போர் தண்ணீரில் துண்டு நனைத்துப் போட்டு விசிறினோம், மோர் கொடுத்தோம். கூட்டாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முக்கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். திரும்ப வேலைக்கு விடவில்லை. தார்ப்பாய் மடித்தபடியே கிடந்தது.

முதலில் விழுந்த பையன் அடுத்த வாரம் வேலைக்கு வருகிறேன் என்கிறான். சேர்த்துக்கொள்ளலாமா?

---

ஓய்வு பெற்ற நர்ஸ் (வெள்ளி, இரவு 10.00)

அடுத்த வாரம் வேண்டாம். ஒரு முறை இப்படி ஆனவர்களுக்குச் சில காலம் வரை சூடு தாங்காது. கிட்னி, ஈரல் ரத்தப் பரிசோதனை சரியாகி டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, புது ஆள் மாதிரி இருபது சதவீதத்திலிருந்து ஆரம்பியுங்கள். அதுவரை வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் இருப்பானா என்பது வேறு விஷயம்.

---

வேலூர் சைட்டுக்காரன் (வெள்ளி, இரவு 10.20)

இருக்க மாட்டான் அம்மா. நாளைக்கு அவன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன். ஸ்டோர் ரூம் கணக்குக்கு ஒரு ஆள் வேண்டும், கூலி குறையாமல் அதில் போட முடியுமா என்று காண்ட்ராக்டரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.